மிதக்கும் நாணயம் என்கிறார்கள், பிறகு ஏன் தலையிடுகிறார்கள்?

கேள்வி: நாணய மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும் என்று அறிவித்த மத்திய வங்கிகள், அது சரியும்போது ஏன் டாலரை விற்கின்றன?

முக்கியக் காரணம் டாலர் கடன். இந்தோனேசியாவைப் பாருங்கள். 1997 நடுவில் ஒரு டாலர் ஏறத்தாழ 2,400 ருபியா. 10 லட்சம் டாலர் கடன் வாங்கிய நிறுவனத்துக்குச் சுமை 240 கோடி ருபியா. ஆகஸ்டில் நாணயத்தை மிதக்கவிட்டார்கள். 1998 ஜனவரியில் டாலர் 10,000-ஐத் தாண்டியது. அதே கடன் இப்போது 1,000 கோடிக்கும் மேல். வருமானமோ ருபியாவில்தான். நாணயம் சரிந்தால் ஏற்றுமதி பெருகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. திவாலான நிறுவனம் எதை ஏற்றுமதி செய்யும்? டாலரில் கடன் வாங்கியோர் பதறி டாலர் வாங்க, சரிவு இன்னும் ஆழமாகும். மத்திய வங்கிகள் தடுக்கப் பார்ப்பது இந்தச் சுழலைத்தான்.

மிதக்கவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே தலையிடும் இந்தப் போக்குக்கு ‘மிதக்கவிடப் பயம்’ என்று பெயரிட்டவர்கள் பொருளியல் அறிஞர்கள் கால்வோவும் ரைன்ஹார்ட்டும். கண்டுபிடிப்பதும் எளிது: மாற்று விகிதம் அசையாமல் இருக்க, அந்நியச் செலாவணிக் கையிருப்பும் வட்டி விகிதமும் மட்டும் ஏறி இறங்கினால், மிதப்பது பெயரளவில்தான்.

சிக்கல் ஒன்று உண்டு. மத்திய வங்கி எப்போதும் காப்பாற்றும் என்று தெரிந்தால், நிறுவனங்கள் நாணயச் சரிவின் இழப்பிலிருந்து காக்கும் காப்பு ஒப்பந்தம் செய்யாமலே மேலும் டாலர் கடன் வாங்கும். கையிருப்பு கரைந்த நாளில் மொத்தச் சரிவும் ஒன்றாக வரும்.