பின்சக்கரத்தில் தளர்ந்த ஸ்போக்குகள்

"புல்லட்டை மெதுவாக ஓட்டும்போது பின்சக்கரத்தில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. தளர்ந்த ஸ்போக்கை மட்டும் முறுக்கினால் போதுமா?"

போதாது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சிறு ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நிப்பிளைச் சுற்றித் துருப்பொடி படிந்திருந்தால் அங்கே அசைவு இருந்திருக்க வாய்ப்புண்டு.

பிறகு ஸ்விங் ஆர்மில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனையை ரிம்முக்கு மிக அருகில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் கோட்டம் தெரியும். ரிம் இடப்புறம் விலகும் இடத்தில், ஹப்பின் வலப்புறத்திலிருந்து வரும் ஸ்போக்குகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்புற ஸ்போக்குகளை அதே அளவு தளர்த்தி, மீண்டும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் ரிம் அதன் பக்கம் இழுபடும்.

ஒரு முழுச் சுற்றுக்கு மேல் இறுக்க நேர்ந்தால் டயரைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் நிப்பிளுக்கு மேல் நீளும் ஸ்போக் முனை டியூபைக் குத்திவிடும். அந்த முனையை அரத்தால் ராவிவிட வேண்டும்.