‘அரிவாள் வெட்டு’ என்று குறிப்பில் இருந்தால் காயச் சான்றிதழில் என்ன எழுதுவது?

கேள்வி: தாலுகா அரசு மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஓர் அடிதடி வழக்கில் காயச் சான்றிதழ் கேட்டுக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அன்று இரவுப் பணியில் இருந்த டாக்டர் மேற்படிப்புக்குப் போய்விட்டார். அவருடைய குறிப்பு இவ்வளவுதான்: “இரவு 10.40. இன்று 9.30-க்கு அடித்ததாகச் சொல்கிறார். தலை இடது பக்கம் அரிவாள் வெட்டு 5 x 1, எலும்பு தெரிகிறது, ஓரம் ஒழுங்கில்லை, தையல் 5. வலது முன்கை வீக்கம், எக்ஸ்ரே. முதுகில் லத்தித் தடம் 2, பச்சை நிறம், 2 நாள். குடிபோதை.” இதை வைத்து எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்த டாக்டருக்கே போன் செய்யுங்கள். காயத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். பதிவேட்டின் நகலைப் பெற்று அவரே சான்றிதழ் எழுதித் தர முடிந்தால் உங்களுக்கு வேலையே இல்லை. அது நடக்காது என்றால் மட்டும் நீங்கள் எழுதுங்கள். அப்போதும் போனில் அவர் நினைவிலிருந்து சொல்வதை மூலக் குறிப்பில் சேர்க்காதீர்கள். பழைய பக்கத்தில் புது மை தெரிந்தால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

இந்தக் குறிப்பில் மூன்று வகையான செய்திகள் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன. நோயாளி சொன்னது, டாக்டர் கண்டது, டாக்டர் ஊகித்தது. உங்கள் வேலை இவற்றைப் பிரித்து வைப்பதுதான்.

‘அரிவாள்’ என்பது நோயாளி சொன்னது. விபத்துப் பதிவேட்டில் அவர் சொன்னதாக எழுதியிருக்கும் வாசகத்தோடு அது நிற்கட்டும். காய விவரத்துக்குள் வர வேண்டாம். ‘வெட்டு’ என்பதில்தான் சிக்கல். வெட்டுக்காயம் என்றால் கூர்மையான விளிம்பு பட்டு, ஓரங்கள் நேராகப் பிளந்திருக்க வேண்டும். ஆனால் அதே குறிப்பு “ஓரம் ஒழுங்கில்லை” என்கிறது. அது கிழிகாயத்தின் அடையாளம். மண்டையோட்டின் மேல் தோல் இறுகப் படிந்திருப்பதால் தடியால் அடித்தாலும் வெட்டியது போலப் பிளக்கும். வெறும் கண்ணுக்கு அது ஏமாற்றும். ஓரத்தைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் சிராய்ந்த விளிம்பும், நசுங்கிய மயிர்க்கால்களும், காயத்தின் குறுக்கே அறுபடாமல் நிற்கும் இழைகளும் தெரியும்.

இந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயத்துக்குப் பிரிவு 115(2)-இன்படி ஓராண்டு வரை சிறை. அதே காயம் வெட்டவோ குத்தவோ பயன்படும் கருவியால் ஏற்பட்டது என்றால் 118(1)-இன்படி மூன்றாண்டு வரை. ‘வெட்டு’ என்று நீங்கள் எழுதினால் ஒரு பக்கம் சாய்கிறீர்கள். கிழிகாயம் என்று திருத்தினால் மறுபக்கம் சாய்கிறீர்கள். நீங்கள்தான் காயத்தைப் பார்க்கவே இல்லையே! அதுவுமன்றி, அரிவாளின் மொட்டைப் பக்கத்தால் ஓங்கி அடித்தால் கிழிகாயம்தான் வரும். ஆக, கிழிகாயம் என்பதனால் அரிவாள் இல்லை என்றும் ஆகிவிடாது. எனவே ‘காயம்’ என்ற பொதுச் சொல்லை வைத்து, கண்டதை மட்டும் எழுதுங்கள்:

“1. தலையின் இடது பக்கத்தில் ஒரு காயம். அளவு 5 x 1 எனப் பதிவாகியுள்ளது, அலகு குறிக்கப்படவில்லை. அடியில் எலும்பு தெரிந்தது. ஓரங்கள் ஒழுங்கற்றவை. ஐந்து தையல்கள் போடப்பட்டன. பதிவேட்டில் ‘வெட்டு’ எனக் குறிக்கப்பட்டுள்ளது.”

சான்றிதழை ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். ‘செ.மீ.’ என்று நீங்களாகச் சேர்க்கக் கூடாது. 5 x 1 அங்குலமாக இருக்க வாய்ப்பில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அது ஊகம்தான்.

நோயாளியை வரவழைக்க முடிந்தால், காவல் துறையின் கோரிக்கையும் அவருடைய சம்மதமும் பெற்றுத் தழும்பைப் பார்த்துத் தனிப் பத்தியாகத் தேதியுடன் எழுதலாம்: “இன்று பரிசோதித்தபோது, தலையின் இடது பெரைட்டல் பகுதியில், நடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ. இடப்புறமாகவும் இடது காது மடலின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலாகவும், முன்பின்னாக நீண்ட 4.5 செ.மீ. தழும்பு.” இடம் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும். அசையாத இரண்டு அடையாளங்களிலிருந்து அளந்துவிட்டால், பத்து ஆண்டு கழித்து வேறொரு டாக்டர் வந்தாலும் விரலை அங்கே வைக்க முடியும். இடது, வலது என்பவை நோயாளியுடையவை. எதிரில் நின்று எழுதும்போது மாறிவிடும். நானே ஒருமுறை மாற்றி எழுதிக் கூண்டில் ஏறி அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் ஒன்று: தழும்பு ஆற ஆறச் சுருங்கும். ஆகவே அதன் 4.5 செ.மீ.-ஐக் கொண்டு பழைய 5-க்கு அலகு பொருத்தாதீர்கள்.

அடுத்து முன்கை. “2. வலது முன்கையில் வீக்கம்” என்பதோடு காய விவரம் முடிகிறது. எக்ஸ்ரேயைத் தேடி எடுங்கள். படத்தில் உள்ள பெயர், எண், தேதி மூன்றும் இந்த நோயாளியுடையவையா என்று பார்த்த பிறகு, “அதே தேதியிட்ட, இன்ன எண் எக்ஸ்ரேயில் வலது அல்னா எலும்பில் முறிவு” என்று தனி வரியாக எழுதலாம். எலும்பு முறிந்திருந்தால் பிரிவு 116-இன்படி கொடுங்காயம். படம் கிடைக்கவில்லை என்றால் கருத்தை நிறுத்தி வைக்கிறேன் என்று எழுதுங்கள். வீக்கத்தை வைத்து ‘சாதாரணம்’ என்று முடித்துவிடக் கூடாது. அல்னா முறிவு என்றதும் ‘அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது காய விவரம் ஆகாது.

முதுகுத் தடம்தான் இந்தக் குறிப்பிலேயே ஆபத்தான வரி. ‘லத்தி’ என்று எழுதியதும் அடித்தவர் காவலர் என்று ஆகிவிடுகிறது. நோயாளி அப்படிச் சொன்னாரா என்று விபத்துப் பதிவேட்டில் பாருங்கள். சொல்லியிருந்தால் அவர் சொன்னதாக அங்கே இருக்கும்; அதை நீங்கள் மறைக்கவும் கூடாது. காய விவரத்தில், “3. முதுகில் பச்சை நிறத்தில் இரண்டு தடங்கள், நீளம், அகலம், இடம் பதிவாகவில்லை” என்பது போதும். ‘2 நாள்’ என்பது டாக்டரின் ஊகம். கன்றிப்போன இடம் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறும் என்றாலும் வயது, தோலின் நிறம், அடிபட்ட ஆழம் எல்லாம் வேகத்தை மாற்றும். நாள் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் 9.30-க்குப் பட்ட அடி 10.40-க்குள் பச்சையாகாது. அதை மட்டும் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள்: “3-ஆம் எண் காயங்கள், பதிவான நிறத்தை வைத்துப் பார்த்தால், குறிப்பிட்ட சம்பவ நேரத்துக்கு முற்பட்டவை.” வழக்குக்குள் இன்னொரு வழக்கு ஒளிந்திருந்தால் அது வெளியே வர இந்த ஒரு வரி போதும்.

‘குடிபோதை’ என்ற சொல்லுக்கு ஆதாரமாக வாடை, பேச்சு, நடை, கண்மணி எதுவும் பதிவில் இல்லை. ஆகவே “பதிவேட்டில் ‘குடிபோதை’ எனக் குறிக்கப்பட்டுள்ளது, பரிசோதனை விவரம் இல்லை” என்று விட்டுவிடுங்கள்.

சான்றிதழின் தலைப்பிலேயே, பரிசோதித்தவர் பெயர், நேரம், விபத்துப் பதிவேட்டு எண் ஆகியவற்றை எழுதி, “நான் நோயாளியை அன்று பரிசோதிக்கவில்லை, கீழ்க்காணும் பதிவேடுகளின் அடிப்படையில் இதை வழங்குகிறேன்” என்று சேர்த்து, எந்தெந்தப் பதிவேடுகள் என்று வரிசையாகக் குறியுங்கள். தையல் போட்ட அறையின் பதிவேட்டையும் விடாதீர்கள். டாக்டர் எழுத மறந்த அளவைச் செவிலியர் அங்கே எழுதி வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.