மூடப்பட்ட நிறுவனத்தை அதன் முடிவிலிருந்து தேடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இருக்கும் பழைய எடை இயந்திரத்தின் பித்தளைத் தகட்டில் ஓர் இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர், ‘லிமிடெட்’ என்ற சொல், ஒரு காப்புரிமை எண் ஆகியவை இருக்கின்றன. அந்த நிறுவனம் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இணையத்தில் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. அதன் வரலாற்றை எங்கே, எப்படித் தேடுவது?

பதில்: பெரும்பாலோர் நிறுவனம் எப்போது தொடங்கியது என்று தேடத் தொடங்குவார்கள். நான் முதலில் அது எப்படி முடிந்தது என்றுதான் பார்ப்பேன். ஒரு நிறுவனம் கலைக்கப்பட்டதா, இன்னொன்றால் வாங்கப்பட்டதா, அல்லது பங்காளிகள் பிரிந்ததால் மறைந்ததா என்பதைப் பொறுத்தே அதன் காகிதங்கள் போய்ச் சேர்ந்த இடம் அமைகிறது. அது தெரியாமல் ஆவணக்காப்பகங்களுக்கு எழுதினால் ‘எங்களிடம் இல்லை’ என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் தகட்டில் ‘லிமிடெட்’ என்ற சொல் இருப்பது பெரிய வசதி. இங்கிலாந்தில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் முறை 1844-இல் வந்தது. வரையறுக்கப்பட்ட பொறுப்பு 1855-இல் வந்தது. ஆகவே உங்கள் நிறுவனம் பதிவாளரிடம் பதிவானது, அங்கே அதற்கென ஒரு கோப்பு திறக்கப்பட்டது என்று கொள்ளலாம். அந்தச் சொல் இல்லாமல் ‘அன்ட் கோ’ என்று மட்டும் இருந்திருந்தால் அது பெரும்பாலும் பங்காளி வணிகம். அதற்குப் பதிவாளர் கோப்பே இருக்காது. காப்புரிமை எண்ணும் காலத்தைச் சொல்லும். 1915 வரை பிரிட்டிஷ் எண்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின. அதனால் அவற்றை ஆண்டோடு சேர்த்தே எழுத வேண்டும். 1916 முதல் 1,00,001-இல் தொடங்கி எண்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றன. ஆனால் இந்த எண்ணால் இயந்திரம் எந்த ஆண்டுக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதியாகும், ஏனென்றால் ஒரே காப்புரிமையைப் பல ஆண்டுகள் தகட்டில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். காப்புரிமை ஆவணத்தில் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட அந்த மனிதரின் பெயர் பல இடங்களில் எளிதாகக் கிடைக்கும்.

அடுத்த இடம் லண்டன் கெசட். 1665 முதல் வெளிவரும் இந்த அரசிதழின் பழைய இதழ்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். தானாக முன்வந்து கலைந்த நிறுவனம் பொதுவாக மூன்று தடயங்களை இதில் விட்டுச் செல்லும்: கலைப்பதற்குப் பங்குதாரர்கள் நிறைவேற்றிய தீர்மானம், கடன் கொடுத்தவர்கள் தங்கள் கோரிக்கையை அனுப்பக் கேட்கும் அறிவிப்பு, கணக்கை ஒப்படைக்கும் இறுதிக் கூட்டத்தின் அறிவிப்பு. முதல் அறிவிப்பில் நிறுவனத்தின் சட்டப்படியான முழுப் பெயரும், கலைப்பவரின் பெயரும் முகவரியும் இருக்கும். இறுதிக் கூட்டத்தின் அறிக்கை பதிவாகி மூன்று மாதம் கழிந்த பின்னரே நிறுவனம் சட்டப்படி இல்லாமல் போகும்; ஆகவே தொழிற்சாலை நின்ற நாளுக்கும் நிறுவனம் கலைந்த நாளுக்கும் இடையே சில ஆண்டுகள்கூட இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுவதுதான் குடும்ப வரலாறுகளில் நான் அடிக்கடி காணும் பிழை. தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய அச்சைக் கணினி படித்த எழுத்துகளில் பிழைகள் மலிந்திருக்கும். முழுப் பெயரால் கிடைக்காவிட்டால், பெயரில் உள்ள ஓர் அரிய சொல்லாலும், தெருப் பெயராலும், காப்புரிமைக்காரரின் பெயராலும் தனித்தனியே தேடுங்கள்.

சட்டப்படியான பெயர் கையில் வந்ததும் பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்துக்குப் போகலாம். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள இந்தக் காப்பகத்தின் பட்டியலில், கலைந்த நிறுவனங்களின் கோப்புகள் `BT 31` என்ற தொகுதியில் இருக்கின்றன. பட்டியல் வரியில் நிறுவன எண், பெயர், பதிவான ஆண்டு ஆகியவற்றோடு ‘1916-க்கு முன் கலைந்தது’ என்பது போன்ற குறிப்பு இருக்கும். இதைப் பார்த்து நிறுவனம் 1915-இல் மூடப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோப்புகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்தபோது இட்ட காலவரம்பு அது. உண்மையான நாள் கோப்புக்குள் இருக்கும், அல்லது கெசட்டில் இருக்கும்.

கோப்பில் நோக்கங்களைச் சொல்லும் அமைப்புப் பத்திரம், உள்விதிகள், பதிவு அலுவலகம் மாறிய அறிவிப்புகள், ஆண்டுதோறும் தாக்கலான பங்குதாரர் பட்டியல் ஆகியவை இருக்கக்கூடும். பங்குதாரர் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொழில், பங்குகளின் எண்ணிக்கை ஆகியவை அதில் உள்ளன. முதல் பட்டியலில் ஒரே குடும்பப் பெயர் பலமுறை வந்தால், இருந்த குடும்ப வணிகம்தான் லிமிடெட் ஆக்கப்பட்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்படியானால் வரலாறு பதிவு ஆண்டுக்கும் முன்னே போகிறது. எல்லா நிறுவனங்களின் கோப்புகளும் காக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் கலைந்தவற்றில் ஒரு சிறு மாதிரி மட்டுமே வைக்கப்பட்டது. அப்போது கெசட்டும் நூலகமுமே துணை.

பெயர் எப்படி ஏமாற்றும் என்பதற்கு, எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். டைட்டானிக் கப்பலை இயக்கிய ‘ஒயிட் ஸ்டார் லைன்’ என்பது கொடியில் பறந்த பெயர். சட்டப்படி அது 1869-இல் உருவான ‘ஓஷியானிக் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி’. பதிவுப் பட்டியலில் முதல் பெயரை மட்டும் தேடினால் இரண்டாவது கண்ணில் படாது. அதோடு, ஒயிட் ஸ்டார் என்ற அதே பெயரில் அதற்கு முன் இருந்த வேறொரு கப்பல் வணிகம் கடனில் வீழ்ந்திருந்தது. அதன் பெயரையும் கொடியையும், பின்னர் ஓஷியானிக் நிறுவனத்தைத் தொடங்கிய தாமஸ் ஹென்றி இஸ்மே 1868-இல் 1,000 பவுண்டுக்கு வாங்கினார். ஆகவே ஒரே பெயருக்குக் கீழே இரண்டு வணிகங்கள், இரண்டு வரலாறுகள். 1934-இல் இது குனார்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ‘குனார்ட்-ஒயிட் ஸ்டார் லிமிடெட்’ ஆயிற்று. எனவே பிற்காலக் காகிதங்களைத் தேடுபவர், குனார்ட் ஆவணங்களை வைத்திருக்கும் லிவர்பூல் பல்கலைக்கழக நூலகத்தையும் கேட்க வேண்டும். உங்கள் தகட்டில் உள்ள பெயரும் இப்படி ஒரு வணிகப் பெயராக இருக்கலாம்.

அதைக் கண்டறிய நூலகத்தின் வணிகக் கையேடுகள் உதவும். ‘கெல்லிஸ் டைரக்டரி’ போன்றவற்றில் பெயர் வரிசை, தெரு வரிசை, தொழில் வரிசை என மூன்று பகுதிகள் இருக்கும். தெரு வரிசையில் உங்கள் நிறுவனத்தின் கட்டட எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டுப் பதிப்பிலும் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். அதே கட்டடத்தில் பெயர் மட்டும் சற்று மாறியிருந்தால் அது பெயர் மாற்றமோ கைமாற்றமோ ஆகலாம். தொழிலே மாறியிருந்தால் நிறுவனம் போய்விட்டது. கையேட்டின் தகவல் அட்டையில் உள்ள ஆண்டுக்கு முந்தைய மாதங்களில் திரட்டப்பட்டது என்பதால், கடைசியாகப் பெயர் வரும் பதிப்பை மூடிய ஆண்டாகக் கொள்ளாதீர்கள்.

கைமாற்றம் என்று தெரிந்தால், வாங்கிய நிறுவனத்தின் ஆவணங்கள் எங்கே என்று அதே தேசிய ஆவணக்காப்பகத்தின் பட்டியலில் தேடுங்கள். மற்ற ஊர்க் காப்பகங்களில் உள்ள தொகுப்புகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பிறகு அந்த ஊரின் காப்பகத்துக்கு எழுதுங்கள். கடிதத்தில் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், தெரு முகவரி, கையேடுகளில் முதலிலும் கடைசியிலும் கண்ட ஆண்டுகள், கலைப்பவரின் பெயர், ஏற்கெனவே பார்த்துவிட்ட தொகுதிகள் ஆகியவற்றைச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தத் தெருவில் அந்த ஆண்டுகளுக்கான கட்டட வரைபடமோ சொத்துவரிப் பதிவேடோ இருக்கிறதா என்று. ‘இந்த நிறுவனத்தைப் பற்றி என்ன இருக்கிறது’ என்று பொதுவாகக் கேட்டால் காப்பாளர் பெயர் அட்டவணையோடு நின்றுவிடுவார். தெருவையும் ஆண்டையும் கொடுத்தால் எந்தப் பதிவேட்டை எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.