இறால் வடை வண்டிக்குக் கியூஆர் போதுமா, கார்டு மெஷின் வேண்டுமா?

காலிமுகத்திடல் வடைக்காரர்: அண்ணா, நாளுக்குப் 12,000 ரூபா வியாபாரம். வங்கியில் கார்டு மெஷின் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

நாள் வியாபாரத்தில் எவ்வளவு ரொக்கமில்லாமல் வரும் என்று முதலில் பாருங்கள். 4,000 ரூபா என்று வைப்போம். லங்கா கியூஆரில் 1 சதவீதம் பிடித்தாலும் நாளுக்கு 40 ரூபாதான். மெஷினுக்கு 3 சதவீதம் என்றால் 120. மாதம் 26 நாள் கடை போட்டால் கியூஆருக்கு 1,040, மெஷினுக்கு 3,120. மாத வாடகை 1,500 கேட்டால் 4,620 ஆகிவிடும். வாடகை வங்கிக்கு வங்கி மாறும், பேரம் பேசலாம். இந்தக் கணக்கில் எனக்கு மெஷின் சரிப்படவில்லை.

வெள்ளவத்தைத் தம்பி: கியூஆர் இலவசம், காசும் உடனே விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாதி சரி. சில வங்கிகள் கட்டணம் பிடிப்பதில்லை, சில பிடிக்கும். காசு உடனே வருமா, மறுநாளா என்பதையும் கணக்குத் திறக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டுக் காசு பெரும்பாலும் அடுத்த வேலைநாளில்தான் வரும். வெள்ளி இரவு விற்றது திங்கள் வரும், திங்கள் போயா என்றால் செவ்வாய். விடியற்காலையில் பேலியகொடையில் இறால் வாங்கக் கையில் காசு வேண்டியவருக்கு இது பெரிய இடி.

கொட்டாஞ்சேனைப் பழக்கடை அக்கா: ஒரு பையன் போனில் பச்சை டிக் காட்டிவிட்டுப் போனான். காசு வரவேயில்லை. மெஷின் இருந்திருந்தால் தப்பியிருப்பேனோ?

தப்பியிருப்பீர்கள், அக்கா. மெஷினில் தொகையை நீங்களே அடிப்பீர்கள், துண்டும் உங்கள் கையில் வரும். ஒட்டிவைத்த கியூஆரில் தொகையை வாடிக்கையாளர்தான் அடிக்கிறார். 850க்குப் பதில் 85 அடித்தாலும் தெரியாது. அவர் போனைப் பார்க்காதீர்கள். உங்கள் போனில் எஸ்எம்எஸ் வந்த பிறகே பையைக் கொடுங்கள். காலையில் கடை திறந்ததும் உங்கள் ஸ்டிக்கரை நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்றும் பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிப்போகிறவர்களும் உண்டு.

புறக்கோட்டை முதலாளி: கார்டு தருகிறவரிடம் அந்த 3 சதவீதத்தைக் கூட்டி வாங்கினால் போச்சு!

கூடாது. கார்டு நிறுவன விதிப்படி அது தடை, வாடிக்கையாளர் முறையிட்டால் வங்கி மெஷினையே எடுத்துக்கொள்ளலாம்.

வடைக்காரர்: வெளிநாட்டுக்காரர் கார்டைத்தானே நீட்டுகிறார்கள்?

இந்தியர்களுக்கு 2024 பெப்ரவரியிலிருந்து யுபிஐ மூலம் லங்கா கியூஆரிலேயே கட்ட வழி உண்டு. ஐரோப்பியர்கள்தான் கார்டைத் தட்டப் பார்ப்பார்கள். ஆனால் 200 ரூபா வடைக்கு அவர்களும் காசுதான் தேடுவார்கள் என்று நினைக்கிறேன்.

வெள்ளவத்தைத் தம்பி: மெஷின் இருந்தால் இரண்டு வடைக்குப் பதில் நாலு வாங்குவார்களே?

வாங்கலாம். ஒரு வாரம் கார்டு கேட்டுத் திரும்பிப் போகிறவர்களை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வடைக்காரர் எண்ணிச் சொல்லட்டும்.