பிங் 40இலிருந்து 300க்குத் தாவினால் குறை எங்கே?

"மாலையில் விளையாடும்போது பிங் 40இலிருந்து திடீரென 300க்குத் தாவி, உடனே இறங்குகிறது. சர்வரா, வைஃபையா, ஃபோனா?"

முதலில் வீட்டு வைஃபையைச் சந்தேகியுங்கள். ஃபோன் சூடாகித் திணறினால், பெரும்பாலும் பிங் 40இலேயே நிற்கக் காட்சி மட்டும் விட்டுவிட்டு நகரும். சர்வரில் குறை என்றால், அதே ஆட்டத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே நொடியில் எண் ஏறும்; குழுவினரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

உறுதிசெய்ய, அதே வைஃபையில் இணைந்த விண்டோஸ் மடிக்கணினியை ஃபோனுக்கு அருகில் வைத்து, விளையாடும் நேரத்திலேயே கமாண்ட் ப்ராம்ப்டில் கீழுள்ள கட்டளையால் ரவுட்டரைச் சோதியுங்கள். அதிலுள்ள ரவுட்டர் முகவரி உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். `ipconfig` தரும் Default Gateway எண்ணே சரியானது.

```
ping -t 192.168.1.1
```

ரவுட்டர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், பதில்கள் சில மில்லிநொடிகளில் வர வேண்டும். ஆட்டத்தில் பிங் தாவும்போது இங்கும் 200, 300 என்று ஏறினால், குறை வைஃபையில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே விளையாடிப் பாருங்கள்.

இங்கே எண் அசையாமல் ஆட்டத்தில் மட்டும் ஏறினால், வீட்டில் யாராவது படங்களையோ காணொளிகளையோ பதிவேற்றுகிறார்களா என்று பாருங்கள். பதிவேற்றம் இணைப்பை நிரப்பும்போது ஆட்டத்தின் சிறு தகவல்கள் வரிசையில் காத்துக்கிடக்கும். பலரும் கவனிக்காத காரணம் இதுவே. அதை நிறுத்தியதும் எண் இறங்கினால் விடை கிடைத்துவிட்டது.

மொபைல் டேட்டாவில் ஒரு சுற்று விளையாடிப் பார்ப்பதும் உதவும். ஆனால் அந்த இணைப்பு சர்வரை வேறு பாதையில் அடைவதால், அங்கே சராசரி சற்றுக் கூடியிருப்பதைப் பொருட்படுத்தாமல், எண் தாவுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.