சின்ன கிளினிக்கில் டாக்டரின் டீயும் பஃபர் நேரமும்

கேள்வி: எங்கள் கிளினிக்கில் ஒரே டாக்டர்தான். 10 நிமிடத்துக்கு ஒருவர் என்று அப்பாயின்ட்மென்ட் கொடுக்கிறோம். ஆனாலும் கடைசியில் வருபவர் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார், டாக்டருக்கு டீ குடிக்கக்கூட முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் நடுவில் 5 நிமிடம் பஃபர் விட்டால் சரியாகுமா?

ஆகாது. நானும் அதைத்தான் முதலில் செய்தேன்.

மும்பையில் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சர்க்கரை நோய் டாக்டரிடம் 19 வருடமாக முன்மேஜையில் இருக்கிறேன். நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இருபது கவுன்டரை நிர்வகிக்கிறவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர், ஒரு அறை, எட்டு நாற்காலி உள்ள இடத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்கள் இடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மாலை 5:30 முதல் 8:30 வரை, 10 நிமிடத்துக்கு ஒருவர், மொத்தம் 18 பேர். காகிதத்தில் பார்த்தால் அழகு. நிஜத்தில் நாங்கள் கதவைப் பூட்டும்போது 9:25. டாக்டருக்கு வேகம் போதவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன். ஒருவர் உள்ளே போகும் நேரம், அடுத்தவர் உள்ளே போகும் நேரம், அவ்வளவுதான். ஒருவர் வெளியே வரும் நேரத்தைக் குறித்து ஏமாறாதீர்கள். அவர் வந்த பிறகுதான் டாக்டர் குறிப்பு எழுதுவார், கை கழுவுவார், போன் எடுப்பார். எழுதிப் பார்த்தபோது வருகிறவர்கள் மூன்று வகை என்று தெரிந்தது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மட்டும் காட்ட வருபவருக்கு 5 நிமிடம். மாதாமாதம் வரும் பழைய பேஷன்டுக்கு 10. முதல் முறை வருபவருக்கு 20, சில நாள் 30 கூட. எங்கள் 18 பேரில் ரிப்போர்ட் 4, பழையவர் 9, புதியவர் 5. கூட்டிப் பாருங்கள்: 20, 90, 100, ஆக 210 நிமிடம். டைரியில் இருந்ததோ 180. டாக்டர் வாஷியிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் வந்து இறங்கி உட்காரவே தினமும் 5:40 ஆகிவிடும். நடுவில் டீக்கு 15 நிமிடம், அது டைரியிலேயே இல்லை. 5:40-இலிருந்து 225 நிமிடம் எண்ணினால் சரியாக 9:25. இதில் மர்மம் ஒன்றுமில்லை.

அப்புறம்தான் உங்கள் யோசனைப்படி ஆளுக்கு 5 நிமிடம் விட்டுப் பார்த்தேன். 18 பேருக்கு ஒன்றரை மணி நேரம் கூடியது, ஆனாலும் தாமதம் தீரவில்லை. ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு அந்த 5 நிமிடம் தேவையே இல்லை. நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் டாக்டர் பேஷன்டின் பேரன் எந்தக் காலேஜில் சேர்ந்தான் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அவர் சீக்கிரம் முடித்தாலும் அடுத்தவர் வந்திருக்க மாட்டார், அந்த நேரம் அப்படியே வீண். தாமதத்தைக் கொண்டுவருவது ஒரு நாளில் ஒன்றிரண்டு பேர்தான். அவர்கள் 15 நிமிடம் இழுக்கும்போது 5 நிமிடத்தால் என்ன செய்ய முடியும்?

அதனால் பஃபரைச் சேர்த்து மூன்றே இடத்தில் வைத்தேன், ஒவ்வொன்றும் 10 நிமிடம். இதில் முக்கியமான விஷயம், புதிய பேஷன்டை பஃபருக்கு முன்னால் போடுவது. முதலிலேயே புதியவரைப் போட்டால் அவர் இழுக்கும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் இருக்கிற எல்லார் தலையிலும் விழும். பழையவர்கள் கிட்டத்தட்ட சொன்ன நேரத்தில் முடிப்பவர்கள். அவர்களை முன்னால் விட்டு, புதியவரைக் கடைசியில் வைத்தால் அவருடைய இழுவை பஃபரோடு நின்றுவிடும்.

எங்கள் மாலை இப்போது இப்படி. டைரியில் முதல் நேரமே 5:40, டாக்டர் நிஜமாக வரும் நேரம். 5:40, 5:50, 6:00 பழையவர்கள். 6:10 புதியவர். 6:30 பஃபர். 6:40, 6:50 பழையவர்கள். 7:00 புதியவர். 7:20 பஃபர், 7:30 டீ. டீக்கு முன்னால் பஃபர் இல்லாவிட்டால் தாமதம் முதலில் தின்பது டீயைத்தான். டாக்டர் "பரவாயில்லம்மா, அடுத்தவரை அனுப்பு" என்பார், அனுப்பாதீர்கள். டீ குடிக்காத நாளில் எட்டு மணிக்கு மேல் அவர் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக நேரம் எடுப்பதை என் நோட்டே சொன்னது. 7:45-இலிருந்து 20 நிமிடம் நான்கு ரிப்போர்ட்காரர்கள். 8:05, 8:15 பழையவர்கள். 8:25, 8:45 புதியவர்கள். 9:05 கடைசி பஃபர். 9:15-க்குப் பூட்டு.

எண்ணினால் 15 பேர்தான் வருவார்கள். ஆமாம், மூன்று பேர் குறைவு. மூன்று பேர் ஃபீஸ் போகிறதே என்று திட்டாதீர்கள், எங்கள் டாக்டரும் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் அந்த 18 பேரில் இரண்டு பேராவது காத்திருந்து அலுத்துப்போய் எழுந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அந்த மூன்று பேருக்குக் காலையில் இடம் கொடுத்தோம், காலை எங்களுக்குக் காலியாகத்தான் இருந்தது. உங்களுக்குக் காலையும் நிரம்பி வழிந்தால் இந்தக் கணக்கு கடிக்கும், அதை மறைக்கவில்லை.

இனி உண்மையான தலைவலி. டைரியில் வெற்றிடம் தெரிந்தால் யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்களுக்கு எங்கள் கட்டிடத்துச் சொசைட்டி செகரட்டரி. படிக்கட்டில் பேஷன்டுகள் செருப்பைக் கழற்றி வைக்கிறார்கள் என்று மாதாமாதம் நோட்டீஸ் ஒட்டுகிற மனிதர் (செருப்பு ஸ்டாண்டு வைக்க அனுமதி கேட்டால் வழி அடைபடும் என்று மறுத்தவரும் இவரேதான், மழைக்காலத்தில் அந்தப் படிக்கட்டை நான்தான் துடைக்கிறேன்). அவர் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வந்து, டைரியை எட்டிப் பார்த்து, "6:30 காலிதானே" என்பார். பஃபர் போயிற்று. கடைசியில் மூன்று பஃபரிலும் "சுப்பிரமணியம்" என்று எழுதி வைத்தேன். மூன்று வாரம் கழித்து டாக்டரே கேட்டார், "என்னம்மா, இந்த சுப்பிரமணியம் ஒரு நாளும் வரவே மாட்டேங்கறாரே?"

நீங்கள் Google Calendar போல எதையாவது பயன்படுத்தினால் அதில் Buffer time என்று ஒரு அமைப்பு இருக்கும். அது ஒவ்வொரு அப்பாயின்ட்மென்டுக்கும் இடையில் இடைவெளி போடுவது. அதை அணைத்துவிட்டு, மூன்று பஃபரையும் டீயையும் தனி நிகழ்வாகப் பதிந்து வையுங்கள், அந்த நேரத்தை யாரும் எடுக்க முடியாது.

தாமதமாக வருபவருக்கு எங்களிடம் ஒரே விதி. 10 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் அடுத்த சுப்பிரமணியம் இடத்தில், அதுவும் அது மிச்சம் இருந்தால். நெஞ்சுவலி, மயக்கம் என்று வருபவருக்கு இந்த விதி எதுவும் கிடையாது, அவர் நேரே உள்ளே.

மாதம் ஒரு வாரம் 6:40, 7:30, 9:05 இந்த மூன்று நேரத்திலும் எத்தனை நிமிடம் பிந்தியிருக்கிறோம் என்று குறிக்கிறேன். 6:40-க்கே பிந்தினால் டாக்டர் வரும் ரயிலைப் பார்க்க வேண்டும். 6:40-க்குச் சரியாக இருந்து 7:30-க்குத் தினமும் பிந்தினால், புதியவர் ஒருவரைப் பழையவர் என்று போனில் தப்பாகப் பதிந்திருக்கிறேன் என்று அர்த்தம். "டாக்டருக்கு என்னைத் தெரியும்" என்பார்கள், பார்த்தால் ஐந்து வருடத்துக்கு முன்னால் வந்தவர். அவரும் புதியவர்தான், 20 நிமிடம் கொடுங்கள். கடைசி பஃபர் வாரம் முழுக்க தொடப்படாமல் இருந்தால் அடுத்த வாரம் அங்கே ஒரு பழையவரைப் போடுவேன். இந்த மாதம் அப்படி ஒரு வாரம்கூட வரவில்லை.