புத்தாண்டு இதழின் ஆசிரியர் பக்கம்: நன்றி, நினைவூட்டல், அழைப்பு

கேள்வி: தக்கலைப் பக்கம் ஒரு வாசகர் வட்டத்தின் செய்தி மடலுக்கு இப்போதுதான் ஆசிரியர் ஆகியிருக்கிறேன். மாதம் நான்கு பக்கம், சுமார் நூற்றைம்பது வீடுகளுக்குப் போகிறது. ஜனவரி இதழின் ஆசிரியர் பக்கத்தில் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லணும், சந்தா பாக்கியை ஞாபகப்படுத்தணும், எழுத ஆள் கூப்பிடணும். மூன்றையும் சேர்த்து எழுதினால் வசூல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடுகிறது. எப்படி எழுதுவது?

பதில்: நோட்டீஸ் மாதிரி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் வரிசைதான். “உங்கள் ஆதரவுக்கு நன்றி” என்று எழுதி, அடுத்த வரியிலேயே “சந்தாவைப் புதுப்பிக்கவும்” என்று வந்தால், நன்றி சொன்னதே பணம் கேட்கத்தான் என்று படிப்பவருக்குப் படும். அதனால் முதல் வேலையாகச் சந்தாவை ஆசிரியர் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி அங்கே போடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் “இம்மாத நினைவூட்டல்கள் கடைசிப் பக்கத்தில்” என்று ஒரு வரி போதும்.

மீதி இருப்பது நன்றியும் அழைப்பும். படிக்க வசதியான எழுத்தில் அடித்தால் ஏ4 பக்கத்தில் ஏறக்குறைய முந்நூறு சொல் அடங்கும். பாதியை நன்றிக்கும், மூன்றில் ஒரு பங்கை அழைப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துக்கு இரண்டு வரி. நம் மாவட்டத்தில் ஒரு வீட்டார் டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் இருப்பார்கள்; பக்கத்து வீட்டார் சித்திரை ஒன்றுக்குக் கனி வைத்தால்தான் வருடப் பிறப்பு என்பார்கள். ஆகவே சமயச் சாயல் இல்லாமல், “2026 நல்ல ஆண்டாக அமையட்டும்” என்கிற அளவில் நிறுத்தினால் எல்லோருக்கும் பொருந்தும்.

நன்றியை ஆட்களின் பட்டியலாக எழுதாதீர்கள். நடந்த ஒரு காரியத்தைக் கண்ணில் தெரிகிற மாதிரி சொல்லுங்கள். “அனைத்து நல்லுள்ளங்களுக்கும் நன்றி” என்ற வரியைப் படித்து, இது நம்மைத்தான் சொல்கிறது என்று ஒருவரும் எண்ண மாட்டார். கீழே உள்ள மாதிரியைப் பாருங்கள்:

“ஐப்பசி மழையில் வாசகசாலை ஓடு ஒழுகிய அன்று, கீழ்த்தட்டுப் புத்தகங்களையெல்லாம் மேசைமேல் ஏற்றி, நனைந்தவற்றின் பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்து விசிறிக் காற்றில் காயவைத்தவர்கள் மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்கள் அன்று வராமல் இருந்திருந்தால் இன்று அந்த அலமாரி காலியாக இருக்கும்.”

இப்படி இரண்டு காரியம் சொன்னால் போதும். ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டதாகவும், மற்றொன்று யாருக்கும் தெரியாமல் நடந்ததாகவும் இருக்கட்டும். மடலை மடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுகிறவரைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுத வேண்டும். அவரைத்தான் வழக்கமாக மறந்துபோவோம்.

பெயர்களைப் போட்டே தீர வேண்டும் என்றால் அவற்றைத் தனியாக, அகர வரிசையில், பட்டமும் பதவியும் இல்லாமல் போடுங்கள். ஞாபகத்தை நம்பி எழுதினால் ஒருவராவது விடுபடுவார், அந்த ஒருவருடைய வருத்தம் ஆண்டு முழுக்க நிற்கும். கூட்டக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம், பன்னிரண்டு பழைய இதழ்கள் மூன்றையும் வைத்துப் பெயர் எடுங்கள். எடுத்ததை வட்டத்தின் வேறு இருவரிடம் காட்டுங்கள். நன்கொடைத் தொகையைப் பெயருக்கு எதிரே போடாதீர்கள். குறைவாகக் கொடுத்தவர் அடுத்த முறை ஒதுங்கிவிடுவார்.

கடந்த ஆண்டு உங்கள் வட்டத்தில் யாராவது இறந்திருந்தால், வாழ்த்துக்கு அடுத்தபடியாக அவரை இரண்டு வரியில் நினையுங்கள், நன்றி அதற்குப் பிறகு வரட்டும். கொண்டாட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் “மறைந்த உறுப்பினருக்கு அஞ்சலி” என்று ஒட்டவைப்பது அந்த வீட்டாருக்கு வலிக்கும்.

இனி அந்தக் கட்டம். நினைவூட்டல் ஒவ்வொன்றிலும் தேதி, கிழமை, நேரம், இடம், யாரிடம் கேட்பது ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். “வரும் ஞாயிறு கூட்டம்” என்று எழுதவே கூடாது. மடல் ஒரு வீட்டுக்கு வெள்ளிக்கிழமையும் இன்னொரு வீட்டுக்கு அடுத்த செவ்வாயும் போய்ச் சேரும், இருவருக்கும் “வரும் ஞாயிறு” ஒன்றல்ல. நேரத்தையும் யோசித்துப் போடுங்கள். ஞாயிறு காலை பத்து மணி என்றால் ஆலயத்துக்குப் போகிறவர்கள் வர முடியாது. மாலை நான்கு மணி என்றால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ வரும். உங்கள் முதல் கூட்டம் அதில் மோதுகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

சந்தா வரியை இப்படி எழுதலாம்: “2026 சந்தாவை ஜனவரி 31, சனிக்கிழமைக்குள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு இது பொருந்தாது.” தொகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் அவசியம். ஒழுங்காகக் கட்டியவர்தான் பாக்கி அறிவிப்பைப் பார்த்து முதலில் மனம் நோவார். பாக்கிக்காரர் பெயரை அச்சில் போடவே வேண்டாம், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழைப்பில்தான் பலரும் தவறுகிறார்கள். “வாசகர்கள் கதை, கவிதை, கட்டுரை அனுப்பலாம்” என்று எழுதினால் எதுவும் வராது, ஏனென்றால் என்ன கேட்கிறார்கள் என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள், எழுதிப் பழக்கமில்லாதவரும் கால் மணி நேரத்தில் முடிக்கக்கூடியதாகக் கேளுங்கள். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு குளம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்:

“உங்கள் வீட்டுப் பக்கத்துக் குளத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பத்து வரி எழுதுங்கள். நோட்டுத் தாளில் கையால் எழுதினால் போதும், பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எழுத முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் நாங்களே எழுதிக்கொள்கிறோம். ஜனவரி 20-க்குள் வாசகசாலைப் பெட்டியில் போடுங்கள். பிப்ரவரி இதழில் வரும்.”

பலரும் எழுதத் தயங்குவது எழுத்துப்பிழைக்குப் பயந்துதான். “பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்கிற வரியை நம்பித்தான் அவர்கள் பேனாவை எடுப்பார்கள், அதனால் அதை விட்டுவிடாதீர்கள். “தவறாமல்”, “கட்டாயம்”, “அனைவரும்” என்பவற்றை விட்டுவிடலாம். அலுவலகச் சுற்றறிக்கையில் தினமும் பார்த்துப் பழகிய சொற்கள் என்பதால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும்.

ஜனவரி இதழை டிசம்பர் 20-க்குள் அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள். அதன்பின் குடில், கேரல் என்று அச்சகத்திலும் ஆள் கிடைக்காது. அப்படி முன்கூட்டி எழுதும்போது ஒரு கவனம் வேண்டும்: படிப்பவர் கையில் அது ஜனவரி முதல் வாரத்தில்தான் இருக்கும். கிறிஸ்துமஸையோ டிசம்பர் 26 சுனாமி நினைவு நாளையோ வரப்போகிறது என்று எழுதிவிடாதீர்கள். கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் 2004-இல் இழந்தவரை நினைத்துப் பூ வைத்துவிட்டு வந்து அதைப் படிக்கக்கூடும்.

எழுதி முடித்ததும் வட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “என்ன செய்யச் சொல்லியிருக்கு, எந்தத் தேதிக்குள்ளே?” என்று கேளுங்கள். குளத்தையும் இருபதாம் தேதியையும் அவர் சொன்னால் அச்சுக்கு அனுப்பலாம். யோசித்தால் அழைப்புப் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

மடல் வெளிவரும் முன்பே இரண்டு பேரிடம் நேரில் பேசிக் குளத்தைப் பற்றி எழுத ஒப்புதல் வாங்கிவிடுங்கள், அவர்களில் ஒருவர் இதுவரை மடலில் எழுதாதவராக இருக்கட்டும். பெட்டியில் ஒரு தாள்கூட விழாவிட்டாலும் பிப்ரவரியில் இரண்டு குளங்கள் அச்சாகும். அடுத்த தெருக்காரர் தம் குளம் வரவில்லையே என்று மார்ச் இதழுக்குத் தாளோடு வருவார். யாரும் எழுதவில்லை என்று பிப்ரவரி ஆசிரியர் பக்கத்தில் குறைப்பட்டு எழுதுவதை மட்டும் தவிருங்கள், எழுதிய அந்த இருவரும் அதைப் படிப்பார்கள்.